ஏழாம் தேதிக் கணக்கு

கேள்வி: நான் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். சம்பளம் 14,500 ரூபாய். ஏழு மாதமாக மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 2,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போட்டு வருகிறேன். 14,000 போட்டதில் இன்று 13,120 என்று காட்டுகிறது. செயலியைத் திறந்தாலே சிவப்பு. "பேசாமல் ஆர்.டி.யில் போட்டிருக்கலாம்" என்கிறார் அப்பா. இப்போது நிறுத்திவிட்டு, சந்தை சரியான பிறகு தொடங்கலாமா? ஓராண்டு பொறுத்தால் லாபம் வந்துவிடுமா?
— வாசகி, அறந்தாங்கி

பதில்: ஓராண்டில் லாபம் வரும் என்று யாராவது உங்களுக்கு உறுதி கொடுத்தால், அவரிடம் அதன்பிறகு எதையும் கேட்காதீர்கள். என்னால் அந்த உறுதியைத் தர முடியாது. உங்களைப் போலவே எழுத்தர் வேலையில் இருக்கும் ஒரு பெண்ணின் முதல் ஆண்டுக் கணக்கை, அவர் அனுமதியோடு, இங்கே விரித்து வைக்கிறேன். பெயரை மட்டும் முத்துலட்சுமி என்று மாற்றியிருக்கிறேன். தேதிகளும் சந்தை எண்களும் உண்மையானவை.

முத்துலட்சுமி தென்காசி மாவட்டத்துச் சிறு நகராட்சி ஒன்றில், 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இளநிலை உதவியாளராகச் சேர்ந்தார். சொத்து வரிப் பிரிவு. பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு வந்தது சுமார் 26,000 ரூபாய். வீட்டுக்கும் ஸ்கூட்டர் தவணைக்கும் கொடுத்ததுபோக மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு மிஞ்சியது. அந்தத் தொகை முழுவதையும் அடுத்த மாதமே எஸ்.ஐ.பி.யில் போட்டுவிட வேண்டும் என்ற முடிவோடுதான் என்னைப் பார்க்க வந்தார், ஏனென்றால் உடன் வேலைபார்க்கும் தோழி ஒருவர் தம்முடைய ஃபண்ட் ஓராண்டில் எவ்வளவு ஏறியது என்பதைக் கைப்பேசியில் காட்டியிருந்தார். நான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று மாத வீட்டுச் செலவுக்கு ஈடான பணம் வங்கியில் சேர்ந்த பிறகு வரச் சொன்னேன். எட்டு மாதம் பிடித்தது; 60,000 ரூபாய் சேர்ந்தது. பாதியைச் சேமிப்புக் கணக்கிலும் பாதியை எப்போது வேண்டுமானாலும் உடைக்கக்கூடிய வைப்பு நிதியிலும் வைத்தார்.

அந்த எட்டு மாதங்களில் அவருக்கு என்மீது இருந்த வருத்தத்தைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. 2024 பிப்ரவரியில் 22,000-ஐ ஒட்டி இருந்த பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி, செப்டம்பர் 26 அன்று 26,216-இல் முடிந்தது. "நாலாயிரம் புள்ளி என் கண் முன்னாலேயே போயிடுச்சு சார்" என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான், நான் அதை மறுக்கவும் இல்லை.

2024 அக்டோபர் 7 அன்று, ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 3,000 ரூபாய் என்று தொடங்கினார். மீதி 4,500 வழக்கம்போல் வங்கியில் ஆர்.டி.யாகவே தொடர்ந்தது. ஏழாம் தேதியைத் தேர்ந்ததற்குக் காரணம் சாதாரணமானது: சம்பளம் மாதக் கடைசி வேலைநாளில் வரும், ஐந்தாம் தேதிக்குள் மளிகை, பால், மின்கட்டணம் எல்லாம் முடிந்திருக்கும், ஆகவே ஏழாம் தேதி கணக்கில் இருக்கும் பணம் நிச்சயமாக மிச்சப் பணம். இண்டெக்ஸ் ஃபண்டைத் தேர்ந்ததற்குக் காரணம் வேறு. நாட்டின் பெரிய 50 நிறுவனங்களின் பங்குகள் அதில் இருக்கின்றன, அந்தப் பட்டியல் ஆண்டுக்கு இருமுறை மறுபரிசீலனை செய்யப்படுகிறது, சோர்ந்துபோன நிறுவனம் வெளியேறி வேறொன்று உள்ளே வருகிறது. இப்படிப்பட்ட கூடை ஒன்று விழும்போது பொறுத்திருப்பதற்குப் பொருள் உண்டு. ஒரே ஒரு நிறுவனத்தின் பங்கு விழும்போதும், ஒரே ஒரு துறையை மட்டும் நம்பிய ஃபண்ட் விழும்போதும் அதே பொறுமையைக் காட்டினால் அது பல சமயங்களில் வீம்பாகத்தான் முடிகிறது.

இனி எண்களுக்கு வருகிறேன். கணக்கு எளிதாக விளங்குவதற்காக, அந்த ஃபண்டில் ஒரு யூனிட்டின் உண்மை மதிப்பான என்.ஏ.வி.யை விட்டுவிட்டு, அந்தந்த நாளின் நிஃப்டி முடிவு மதிப்பை நூறால் வகுத்து அதையே ஒரு யூனிட்டின் விலையாக வைத்துக்கொள்கிறேன். ஃபண்டின் செலவு விகிதமும், நிறுவனங்கள் தரும் ஈவுத்தொகையும், பணம் போய்ச் சேர ஒருநாள் தாமதமாவதும் உண்மைக் கணக்கைச் சற்றே மாற்றும், போக்கு மாறாது.

முதல் தவணையில் யூனிட்டின் விலை 247.96 ரூபாய், 3,000 ரூபாய்க்கு 12.10 யூனிட் கிடைத்தது. நவம்பர் 7 அன்று விலை 241.99 ஆனது. டிசம்பரில் ஏழாம் தேதி சனிக்கிழமை என்பதால் ஒன்பதாம் தேதி வாங்கியது, விலை 246.19, சரி, திரும்பிவிட்டது என்று எல்லோரும் எண்ணினார்கள். ஜனவரியில் 237.08, பிப்ரவரியில் 235.60. வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் அக்டோபரிலிருந்து தொடர்ந்து விற்றுக்கொண்டிருந்தார்கள், நிறுவனங்களின் காலாண்டு முடிவுகளும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஐந்து மாதமும் நிஃப்டி தொடர்ச்சியாக இறக்கத்தில் முடிந்தது. அப்படி நேர்ந்தது 1996-க்குப் பிறகு அப்போதுதான். தோழியின் கைப்பேசியில் பார்த்த ஏற்றத்தை நம்பி வந்த ஒருவருக்கு, உச்சத்திலிருந்து பத்து நாள் கழித்துத் தொடங்கிய முதலீடு எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

பிப்ரவரி நடுவில் அவர்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் நீர்மூழ்கி மோட்டார் எரிந்துபோனது. மோட்டாரை மேலே எடுக்க, புதிதாக வாங்க, திரும்ப இறக்க என்று 18,500 ரூபாய் ஆயிற்று. அப்போது அவர் ஃபண்டில் போட்டிருந்தது மொத்தமே 15,000. பிப்ரவரி 7 நிலவரப்படி அதன் மதிப்பு 14,623. வங்கியில் அந்த அறுபதாயிரம் இல்லாதிருந்தால், எல்லா யூனிட்டையும் அந்த விலைக்கே விற்றுவிட்டு, மேற்கொண்டு நாலாயிரம் கடனும் வாங்கியிருப்பார். முதலீட்டுக் கதை ஐந்தாம் மாதத்திலேயே முடிந்திருக்கும். சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஃபண்டைத் தொடவில்லை. அடுத்த சில மாதங்களில் 4,500 ரூபாய் ஆர்.டி. பணத்தைத் திருப்பிவிட்டு அந்தக் குறையை நிரப்பத் தொடங்கினார். நான் பார்த்த அளவில், சந்தை விழும்போது விற்பவர்களில் பாதிப்பேர் பயத்தால் விற்பதில்லை. அந்த வாரத்தில் பணம் தேவைப்பட்டதால் விற்கிறார்கள். பொறுமைசாலி என்று பெயரெடுத்தவருக்கும், பள்ளிக் கட்டணத்துக்கு வேறு பணம் இல்லையென்றால் பொறுக்க முடியாது.

மார்ச் 7, வெள்ளிக்கிழமை மாலை, அவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். குரல் கம்மியிருந்தது. "சார், மைனஸ் இருபத்து நாலுன்னு காட்டுது. கால்வாசிப் பணம் போயிடுச்சா?" என்றார். எந்த இடத்தில் அப்படிக் காட்டுகிறது என்று கேட்டேன். திரையில் XIRR என்று எழுதியிருக்கிறது என்றார்.

இதைக் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் திரையிலும் அது இருக்கும். அன்று அவர் போட்டிருந்தது 18,000, மதிப்பு 16,998. உண்மையான குறைவு 1,002 ரூபாய், அதாவது ஐந்தரைச் சதவீதம். ஆனால் XIRR கேட்கும் கேள்வி வேறு. அந்தப் பதினெட்டாயிரத்தில் முதல் மூவாயிரம் ஐந்து மாதம் இருந்தது, கடைசி மூவாயிரம் அன்றுதான் உள்ளே போனது. சராசரியாக ஒவ்வொரு ரூபாயும் இரண்டரை மாதமே இருந்திருக்கிறது. இரண்டரை மாதத்தில் இவ்வளவு இறங்கினால், இதே வேகம் ஓராண்டு முழுவதும் நீடித்தால் எவ்வளவு இறங்கும் என்று அது கணக்கிட்டுக் காட்டுகிறது. விடை மைனஸ் 24-ஐத் தாண்டுகிறது. ஐந்து, ஆறு ஆண்டு நடந்த எஸ்.ஐ.பி.யை அளக்க அது நல்ல கருவி. முதல் ஆண்டில், ஒருவர் வீட்டிலிருந்து தெருமுனை வரை ஓடியதை வைத்து அவர் மதுரைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவார் என்று சொல்வதைப் போன்றது.

அவருடைய அடுத்த கேள்வி உங்கள் கேள்வியேதான்: இப்போது நிறுத்திவிட்டு, இறங்கி முடிந்த பிறகு தொடங்கலாமா? நான் ஒன்று மட்டும் கேட்டேன். இறங்கி முடிந்துவிட்டது என்பதை அவர் எந்த அடையாளத்தைக் கண்டு அறிவார் என்பதை ஒரு தாளில் எழுதி அனுப்பச் சொன்னேன். மறுநாள் அனுப்பினார். "நிஃப்டி மறுபடி 24,000 வந்தால்" என்று எழுதி, அதை அவரே அடித்துவிட்டு, கீழே, "24,000-இல் வாங்குவதற்காக 22,500-இல் வாங்காமல் இருப்பதா?" என்று எழுதியிருந்தார். அந்தத் தாளின் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்போது ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். செயலியின் அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, மாதத்தில் ஏழாம் தேதி ஒருநாள் மட்டும் திறப்பது. ஒரு நோட்டில் மூன்று எண்களை எழுதுவது: அன்றைய விலை, அன்று கிடைத்த யூனிட், இதுவரை சேர்ந்த மொத்த யூனிட். மதிப்பை எழுத வேண்டாம். விலை ஏறும், இறங்கும். மொத்த யூனிட் என்ற மூன்றாவது எண் மட்டும் விற்காதவரை குறையவே குறையாது. இந்த யோசனை என்னுடையதுதான் என்றாலும் இதற்குச் சரியான விளக்கம் அவர்தான் சொன்னார். அவர் பிரிவில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை விழுகிறது. சில மாதங்களில் வசூல் கவுன்ட்டரில் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். மார்ச்சில் இரவு ஏழு மணி வரை வரிசை நிற்கும். வெறிச்சோடிய ஒரு செவ்வாய்க்கிழமையின் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து நகராட்சியின் வருமானத்தை யாரும் எடை போடுவதில்லை. "நான் தினமும் அதைத்தான் செஞ்சிட்டிருந்தேன் சார்" என்றார்.

ஆனால் பாடம் ஒரே தடவையில் முடிந்துவிடவில்லை. மார்ச் கடைசியில் நிஃப்டி 23,500-ஐத் தாண்டியது. பிறகு ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப், உலக நாடுகளின் பொருள்கள்மீது புதிய வரிகளை அறிவித்தார். ஏப்ரல் 7, திங்கட்கிழமை, அவருடைய தவணை நாள். காலையில் சந்தை திறந்தபோதே நிஃப்டி ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் சரிந்து 21,743 வரை போனது. மாலையில் 22,162-இல் முடிந்தது. பதினொரு மணிக்கு எதிர் மேசைக்காரர் தொலைக்காட்சிச் செய்தியைக் கைப்பேசியில் சத்தமாக வைத்துவிட்டு, "எல்லாம் போச்சு" என்றாராம். அதே நேரத்தில், வங்கியிலிருந்து 3,000 ரூபாய் பற்று வைக்கப்பட்டது என்ற குறுஞ்செய்தி முத்துலட்சுமிக்கு வந்தது. எரிகிற வீட்டுக்குள் பணத்தை எறிவதுபோல் இருந்தது என்று பின்னர் என்னிடம் சொன்னார். அன்று அவர் என்னை அழைக்கவில்லை. மாலையில் நோட்டில் எழுதினார்: விலை 221.62, யூனிட் 13.54, மொத்தம் 88.91. முதல் ஆறு தவணைகளில் எதிலும் இவ்வளவு யூனிட் கிடைத்ததில்லை என்பதை அந்தப் பத்தியைக் கீழிருந்து மேலாகப் பார்த்தபோதுதான் கவனித்தாராம். மதிப்பை எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தும் அன்று கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார். 21,000-க்கு 1,296 குறைவு. அந்த ஆண்டில் தவணை நாள்களில் தெரிந்த மிகப் பெரிய பள்ளம் அதுவே.

இரண்டு நாளில் அமெரிக்கா அந்த வரிகளில் பெரும்பகுதியைத் தொண்ணூறு நாளுக்குத் தள்ளிவைத்தது. ஏப்ரல் 21 அன்று நிஃப்டி 24,000-ஐத் தாண்டி முடிந்தது. இறங்கி முடிந்த பிறகு தொடங்கக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு வாரம், அதுவும் செய்திகள் மிக மோசமாக இருந்த இரண்டு வாரம்.

ஜூலை 7 அன்று விலை 254.61. போட்டிருந்தது 30,000; மதிப்பு 31,808. XIRR பதினாறு சதவீதத்துக்கு மேல் காட்டியது. இப்போது வந்த தொலைபேசி அழைப்பு வேறு மாதிரி இருந்தது: ஆர்.டி.யை நிறுத்திவிட்டு மாதம் 7,500-ஐயும் இதிலேயே போடலாமா, அதில் பாதியைச் சிறு நிறுவனப் பங்கு ஃபண்டில் போடலாமா என்று கேட்டார். மார்ச்சில் அவரை அழவைத்த அதே வாய்பாடு ஜூலையில் அவரைச் சிரிக்கவைக்கிறது, இரண்டுக்கும் ஒரே அளவு மதிப்புதான் என்றேன். உண்மையில் இந்த இரண்டாவது சோதனை கடினமானது, ஏனென்றால் லாபம் கண்ணில் படும்போது ஆலோசகன் சொல்வது பொறாமைபோல் ஒலிக்கிறது. மோட்டாருக்கு எடுத்த பணத்தில் இன்னும் ஆறாயிரம் நிரம்பவில்லை என்பதை நினைவுபடுத்தினேன். அதை முதலில் முடிப்பதாகச் சொல்லிவிட்டு வைத்தார். ஆகஸ்ட் 7 அன்று விலை 245.96-க்கு இறங்கியது, ஜூலையில் 1,808 ஆக இருந்த லாபம் 728 ஆகச் சுருங்கியது.

பன்னிரண்டாம் தவணை 2025 செப்டம்பர் 8 அன்று போனது. ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. விலை 247.73. தொடங்கிய நாளில் விலை 247.96 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதாவது நிஃப்டி பதினொரு மாதம் அலைந்து, புறப்பட்ட இடத்துக்கே, இன்னும் சொல்லப்போனால் ஒரு முடி கீழே, வந்து நின்றது. முத்துலட்சுமி போட்டது 36,000. சேர்ந்த யூனிட் 149.24, மதிப்பு 36,970. சந்தை ஏறாத காலத்தில் 970 ரூபாய் எங்கிருந்து வந்தது? விலை இறங்கிய மாதங்களில் அதே மூவாயிரத்துக்குக் கூடுதல் யூனிட் கிடைத்ததால், அவருடைய சராசரிக் கொள்முதல் விலை 241.23 ஆக இருந்தது. குறிப்பாக, அவர் நிறுத்திவிட நினைத்த மார்ச் தவணையும் அதற்கடுத்த ஏப்ரல் தவணையும் சேர்ந்து 26.84 யூனிட் வாங்கின. அந்த ஆறாயிரத்தின் மதிப்பு செப்டம்பரில் 6,649. அந்த இரண்டு தவணையை மட்டும் தவிர்த்திருந்தால், மீதிப் பத்துத் தவணைகளின் மொத்த லாபம் 321 ரூபாய்தான்.

இப்போது உங்கள் அப்பாவின் பேச்சுக்கு வருகிறேன். அதே மூவாயிரத்தை அதே தேதிகளில், அஞ்சலக ஆர்.டி.யின் 6.7 சதவீத வட்டி விகிதத்தில் போட்டிருந்தால், அந்த நாளில் வட்டி ஏறக்குறைய 1,100 ரூபாய் சேர்ந்திருக்கும். அந்த ஓராண்டில் ஆர்.டி.தான் ஜெயித்தது, தூக்கம் கெடாமல் ஜெயித்தது. முத்துலட்சுமி இதைத் தாமே கணக்கிட்டுவிட்டு, "அப்போ எதுக்கு சார் இவ்வளவு பாடு?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. ஓராண்டுக்குப் பணம் வேண்டியவருக்கு ஆர்.டி.யே சரி, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அவர் இந்த மூவாயிரத்தைப் பதினைந்து ஆண்டுக்குத் தொடப்போவதில்லை என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பதினைந்தில் ஒன்றுதான் முடிந்திருந்தது, அந்த ஒன்றில் அவர் குறைந்த விலையில் யூனிட் சேர்த்துவிட்டிருந்தார்.

இந்தக் கதையில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்பதை நான் மறைக்கக் கூடாது. உச்சத்திலிருந்து ஆறேழு மாதத்தில் சரிவு நின்று, மூன்று மாதத்தில் பெரும்பகுதி மீண்டுவிட்டது. எல்லாச் சரிவும் அப்படி இருப்பதில்லை. 2008 ஜனவரி 8 அன்று நிஃப்டி 6,288 என்ற உச்சத்தில் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று 2,524. பழைய உச்சத்தை மறுபடி தொட்டது 2010 நவம்பரில், தொட்டவுடன் நழுவவும் செய்தது. அதை விட்டு நிலையாக மேலே ஏற 2013-இன் கடைசி, 2014-இன் தொடக்கம் ஆகிவிட்டது. மாதம் ஏழாம் தேதி நோட்டில் எழுதுவது ஆறு ஆண்டுக்கு நீண்டால் என்ன ஆகும் என்று முத்துலட்சுமியிடமும் கேட்டேன். தெரியவில்லை என்றார். எனக்கும் அந்தப் பதிலே பிடித்தது.

உங்கள் விஷயத்தில் நிறுத்துவதா வேண்டாமா என்பதை அந்த 880 ரூபாய்க் குறைவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வங்கியில் மூன்று மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததால், இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் 14,500 ரூபாய்ச் சம்பளத்தில் 2,000 ரூபாய் எஸ்.ஐ.பி. இப்போதைக்கு அதிகம். அதை 500 ஆக்கிக்கொண்டு 1,500-ஐ உங்கள் அப்பா சொல்வதுபோல் ஆர்.டி.யில் போடுங்கள், ஆர்.டி. முப்பதாயிரத்தைத் தொட்டதும் பழைய அளவுக்குத் திரும்பலாம். பெரும்பாலான இடங்களில் தொகையைக் குறைக்கப் பழைய எஸ்.ஐ.பி.யை ரத்து செய்துவிட்டுப் புதிதாக ஒன்று பதிய வேண்டியிருக்கும். ரத்து செய்வது வேறு, யூனிட்டை விற்பது வேறு. இதுவரை சேர்ந்த யூனிட்டுகள் அப்படியே இருக்கும், அவற்றைத் தொட வேண்டாம். ரத்து செய்யாமல், கணக்கில் பணம் வைக்காமல் தவணையைத் தவறவிடுவது மட்டும் கூடாது: ஒவ்வொரு தடவையும் வங்கி அபராதம் பிடிக்கும், தொடர்ந்து மூன்று மாதம் தவறினால் எஸ்.ஐ.பி. தானாகவே ரத்தாகிவிடும்.

இந்தப் பணம் அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுக்குள் கல்யாணத்துக்கோ மேற்படிப்புக்கோ வேண்டியது என்றால், என் பதில் முற்றிலும் வேறு: எஸ்.ஐ.பி.யை முழுவதும் நிறுத்திவிட்டு, சேர்ந்ததையும் எடுத்துவிடுங்கள், 880 ரூபாய் போனால் போகட்டும். எடுப்பதற்கு முன் வெளியேறும் கட்டணம் உண்டா என்று பாருங்கள். பல பங்கு ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் எடுத்தால் ஒரு சதவீதம் பிடிப்பார்கள், அந்த ஓராண்டு ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக எண்ணப்படும். உங்கள் ஏழு தவணைகளில் ஒன்றுகூட இன்னும் ஓராண்டைத் தாண்டவில்லை.

கடைசியாக, ஃபண்டின் பெயரை நீங்கள் எழுதவில்லை. மின்னஞ்சலில் மாதாமாதம் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் திட்டத்தின் முழுப் பெயர் இருக்கும். அதில் நிஃப்டி 50, சென்செக்ஸ், லார்ஜ் கேப், ஃப்ளெக்ஸி கேப் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். ஒரு துறையின் பெயரோ ஸ்மால் கேப் என்றோ இருந்தால் முத்துலட்சுமியின் கணக்கை உங்களுக்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயரை எழுதி அனுப்புங்கள், தனியாகப் பார்த்துச் சொல்கிறேன்.